லூப் அடிக்கும் விமானம் செங்குத்தாகும்போது மட்டும் ஏன் ஒரு முழுச் சுற்று உருள்கிறது?

வானவிளிம்பு

பிளெண்டரில் ஒரு சின்ன விமானத்தை லூப் அடிக்க வைக்கிறேன். மூக்கைத் தூக்கி, செங்குத்தாகி, தலைகீழாகப் போய், கீழே பாய்ந்து, திரும்பவும் சமமாக வர வேண்டும். கீஃபிரேம்களை நான் கையால் போடவில்லை. ஒரு பறத்தல் சிமுலேட்டரின் பதிவுக் கோப்பிலிருந்து நொடிக்கு ஒரு வரி எடுத்து, 24 ஃபிரேமுக்கு ஒரு கீயாகப் போட்டேன். இடையில் லீனியர். விமானம் நொடிக்கு 20 டிகிரி திரும்புகிறது, லூப் 18 நொடியில் முடிகிறது.

மாடலின் மூக்கு +X பக்கம் இருக்கிறது. சுழற்சி முறை `XYZ Euler`. அதனால் X என்பது உருளல், Y மூக்கின் ஏற்ற இறக்கம், Z திசை. பிளெண்டரில் Y மைனஸ் ஆனால் மூக்கு மேலே போகிறது, அந்தக் குறி மாற்றத்தையெல்லாம் சரியாகச் செய்துவிட்டேன். சிக்கல் வரும் இடம் இது:

```
frame     X     Y     Z
  73      0   -60     0
  97      0   -80     0
 121    180   -80   180
 145    180   -60   180
```

97 வரை அழகாக ஏறுகிறது. 97க்கும் 121க்கும் நடுவில் விமானம் தன்னைத்தானே ஒரு முழுச் சுற்று உருட்டிக்கொள்கிறது. 121ஆம் ஃபிரேமில் நிறுத்திப் பார்த்தால் நிற்க வேண்டிய நிலையில் சரியாக நிற்கிறது! கீ எல்லாம் சரி, நடுவில் மட்டும் பைத்தியம்.

இன்னொரு புதிரும் உண்டு. கீழே பாயும்போது, 313இல் `(180, 80, 180)`, 337இல் `(0, 80, 0)`. அங்கேயும் இதே மாதிரி 180 தாவுகிறது. ஆனால் அங்கே விமானம் லேசாக ஒரு தள்ளாட்டம் போட்டுவிட்டுப் போய்விடுகிறது, உருளவில்லை. ஒரே மாதிரித் தாவலுக்கு இரண்டு விதமான விளைவு ஏன்?

---

கட்டைவிரல்

இது கிம்பல் லாக். Y 90ஐ நெருங்கினால் ஆய்லர் கோணங்கள் இப்படித்தான் செய்யும். சுழற்சியை நான்கு எண்களில் எழுதும் குவாட்டர்னியனுக்கு மாறிவிடுங்கள், முடிந்தது கதை. குவாட்டர்னியன் எப்போதும் குறுகிய வழியில்தான் போகும். நான் யூனிட்டியில் `Quaternion.Slerp` போட்டு நாலு வருடமாக வேலை செய்கிறேன், ஒரு நாளும் இந்தத் தொல்லை வந்ததில்லை.

---

பம்பரம்

அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். நான் இப்படி யாரோ சொன்னதைக் கேட்டு விமானத்தின் புரொப்பெல்லரைக் குவாட்டர்னியனுக்கு மாற்றினேன். ஆய்லரில் X-க்கு 0, 3600 என்று இரண்டு கீ போட்டிருந்தேன், பத்துச் சுற்று ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. மாற்றியதும் அசையவே இல்லை. அப்படியே சிலை. குவாட்டர்னியன் சுழற்சிக்கே லாயக்கில்லை என்பது என் அனுபவம்.

---

செங்கோணம்

முதலில் பெயரைச் சரியாகச் சொல்வோம். இது கிம்பல் லாக்கே இல்லை.

கிம்பல் லாக் என்பது நிஜ வளையங்களில் நடக்கும் விபத்து. அப்போலோ கலத்தின் வழிகாட்டு அமைப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள் இருந்தன. நடு வளையம் 70 டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். இன்னும் போனால் வெளி வளையமும் உள் வளையமும் ஒரே கோட்டில் விழுந்து, தளம் தன் நிலையைத் தொலைத்துவிடும். கிறிஸ்துமசுக்கு நாலாவது கிம்பல் ஒன்று அனுப்பிவையுங்கள் என்று அப்போலோ 11இல் மைக்கேல் காலின்ஸ் கிண்டல் செய்ததும் இதனால்தான்.

பிளெண்டரில் எதுவும் பூட்டிக்கொள்வதில்லை. எந்த நிலைக்கும் மூன்று எண்கள் கொடுத்தால் விமானம் அங்கே போய் நிற்கும். உங்கள் பிரச்சினை, ஒரே நிலைக்கு இரண்டு விலாசம் இருப்பது. 121ஆம் கீயில் வர வேண்டியது `(0, -100, 0)`. சிமுலேட்டர்கள் மூக்குக் கோணத்தை 90க்கு மேல் எழுதுவதில்லை, அதனால் அதே நிலையை `(180, -80, 180)` என்று எழுதி வைத்திருக்கிறது. X-க்கும் Z-க்கும் 180 கூட்டு, Y-ஐ 180இலிருந்து கழி: எந்த XYZ கோணத் தொகுதிக்கும் இந்த இரட்டை உண்டு. 360 கூட்டிக் கழித்துப் பார்ப்பதால் மட்டும் இது பிடிபடாது.

---

நாலாம்அச்சு

செங்கோணம் சொன்ன இரட்டை விலாசம் சரி. ஆனால் கிம்பல் லாக்கே இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வானவிளிம்பின் இரண்டாவது புதிருக்குப் பதில் அந்தப் பூட்டில்தான் இருக்கிறது.

மூக்கு நேராக மேலே இருக்கும் விமானத்தை மனதில் வையுங்கள். X-ஐத் திருப்பினால் அது தன் மூக்கு அச்சில் உருளும். மூக்கோ வானத்தைப் பார்க்கிறது, ஆக அந்த உருளல் செங்குத்துக் கோட்டைச் சுற்றி நடக்கிறது. Z-ஐத் திருப்பினாலும் அதே செங்குத்துக் கோடுதான். இரண்டு திருகுகள், ஒரே அச்சு. Y சரியாக -90 ஆனால் X-ம் Z-ம் தனித்தனியே ஒன்றுமில்லை, அவற்றின் கூட்டல்தான் விமானத்தின் நிலை. X 30, Z 40 என்றாலும் X 70, Z 0 என்றாலும் ஒன்றே.

மூக்கு நேர் கீழே இருந்தால்? அங்கே மூக்கு அச்சு தலைகீழ். X ஒரு பக்கம் திருப்பினால் Z எதிர்ப்பக்கம் திருப்புகிறது. அதனால் அங்கே Z-இலிருந்து X-ஐக் கழித்தால் வருவதுதான் நிலை.

இப்போது உங்கள் எண்களை வையுங்கள். ஏறும்போது X 0இலிருந்து 180, Z-ம் 0இலிருந்து 180. கூட்டல் 0இலிருந்து 360க்குப் போகிறது: ஒரு முழு உருளல். பாயும்போது இரண்டும் 180இலிருந்து 0. கழித்தால் தொடக்கத்திலும் பூஜ்யம், முடிவிலும் பூஜ்யம், நடுவிலும் பூஜ்யம். அதனால் உருளவில்லை. மீதி இருப்பது, Y 80லேயே நின்றுகொண்டிருக்க Z திரும்புவது. 325ஆம் ஃபிரேமில் மூக்கு நேர் கீழே பார்க்க வேண்டும், உங்களிடம் அது பக்கவாட்டில் 10 டிகிரி விலகி நிற்கும். அளந்து பாருங்கள். அந்தத் தள்ளாட்டம் அதுதான்.

பதிவுக் கோப்பு உருளலை 180க்குப் பதில் -180 என்று எழுதியிருந்தால் எல்லாம் தலைகீழாகியிருக்கும். ஏறும்போது தள்ளாட்டம், பாயும்போது முழு உருளல்.

ஒவ்வொரு கீயும் தனியாகச் சரி. ஆனால் மூன்று கர்வ்களும் ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனியே ஓடுகின்றன. X தன் பாட்டுக்கு 0இலிருந்து 180க்கு நேர்கோடு போடுகிறது, Z-ம் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் விமானம் என்ன செய்யும் என்று அந்தக் கர்வ்களுக்குத் தெரியாது.

பம்பரம், உங்கள் புரொப்பெல்லர் கதை வேறு. குவாட்டர்னியன் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறது, எத்தனை சுற்றுச் சுற்றி வந்தீர்கள் என்பதை வைப்பதில்லை. 0-ம் 3600-ம் அதற்கு ஒரே இடம். ஒரே அச்சில் சுற்றும் பொருளுக்கு ஆய்லர்தான் சரி, அங்கே பூட்டு வரவே வராது. புரொப்பெல்லரைத் தனிப் பொருளாக வைத்து விமானத்துக்குப் பிள்ளையாக மாட்டிவிடுங்கள்.

---

வானவிளிம்பு

நன்றி. 325இல் அளந்தேன், 10 டிகிரியேதான். கொஞ்சம் பயமாகவே இருந்தது.

கட்டைவிரல் சொன்னபடி குவாட்டர்னியனுக்கு மாற்றிப் பார்த்துவிட்டேன். ஸ்கிரிப்டில் ஒவ்வொரு கீயையும் `to_quaternion()` போட்டு மாற்றி `rotation_quaternion`-இல் கீ வைத்தேன். பாயும் இடத்துத் தள்ளாட்டம் போய்விட்டது. ஆனால் ஏறும் இடம் முன்பைவிட மோசம். 97இலிருந்து மெல்ல எதிர்த்திசையில் திரும்ப ஆரம்பித்து, 108க்கும் 110க்கும் நடுவில் சாட்டை சொடுக்கினாற்போல ஒரு வீச்சு. 109இல் மூக்கு நேர் கீழே பார்க்கிறது. அதாவது மேலே பார்க்க வேண்டிய அதே ஃபிரேமில்! குறுகிய வழி என்றீர்களே?

---

கட்டைவிரல்

இது நடக்கவே கூடாது. உங்கள் மாற்றத்தில் எங்கோ தவறு இருக்கிறது. X-க்கு 180 ரேடியனில் போகிறதா டிகிரியில் போகிறதா என்று பாருங்கள்.

---

வானவிளிம்பு

ரேடியனில்தான் கொடுத்திருக்கிறேன். டிகிரியில் போயிருந்தால் 121ஆம் ஃபிரேமிலேயே தவறாக நின்றிருக்குமே. கீக்கள் எல்லாம் சரியாகவே நிற்கின்றன.

---

நாலாம்அச்சு

மாற்றத்தில் தவறு இல்லை. குவாட்டர்னியன் குறுகிய வழியில் போகும் என்ற வாக்கியத்தில் பாதிதான் உண்மை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எந்த இரண்டு நிலைகளை எடுத்தாலும், ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரே ஓர் அச்சைச் சுற்றிப் போய்விடலாம். இது ஆய்லரே நிறுவியதுதான். ஆனால் அந்த அச்சைச் சுற்றி இரண்டு பக்கமாகவும் போகலாம். உங்கள் விமானத்துக்கு ஒரு பக்கம் 20 டிகிரி, மறுபக்கம் 340 டிகிரி. குவாட்டர்னியனில் ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு எழுத்துமுறை உண்டு: நான்கு எண்கள், அல்லது அதே நான்கு எண்களும் குறி மாறி. நிலையாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று. பாதையாகப் பார்த்தால், ஒன்று 20 டிகிரிக்கு இட்டுச்செல்லும், மற்றது 340க்கு.

97ஆம் கீ: W 0.766, Y -0.643. லூப்பைத் தொடர்ந்து போனால் 121இல் வர வேண்டியது W 0.643, Y -0.766. இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள், நிம்மதியாகப் போகும். ஆனால் `(180, -80, 180)`-ஐ மாற்றினால் என்ன வரும் தெரியுமா? W -0.643, Y 0.766. அச்சு அசலாக அதே எண்கள், குறி மட்டும் மாறி. இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
from math import radians as r
from mathutils import Euler
a = Euler((0, r(-80), 0), 'XYZ').to_quaternion()
b = Euler((r(180), r(-80), r(180)), 'XYZ').to_quaternion()
print(a.dot(b))
```

-0.985 என்று வரும். புள்ளிப்பெருக்கல் மைனஸ் என்றால் நீங்கள் தூரத்து இரட்டையைப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள். பாயும் இடத்தில் இதே கணக்கைப் போட்டால் பிளஸ் 0.985 வரும், அதனால்தான் அங்கே தானாகச் சரியாகிவிட்டது. அது அதிர்ஷ்டம்.

அந்த வீச்சுக்கும் காரணம் இருக்கிறது. பிளெண்டரின் கர்வ்கள் slerp செய்வதில்லை, அதாவது கோளத்தின் மேல் சீரான வேகத்தில் சுற்றிப் போவதில்லை. W, X, Y, Z என்று நான்கு தனிக் கர்வ்கள், ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு ஓடும், கடைசியில் நீளத்தை ஒன்றாக்கிக்கொள்ளும். 109ஆம் ஃபிரேமில் W-ம் Y-ம் இரண்டும் 0.06 அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. கோளத்தின் மேல் சுற்றிப் போக வேண்டிய ஆள், கோளத்தைத் துளைத்து மையத்தை உரசிக்கொண்டு நேர்கோட்டில் போவது மாதிரி. மையத்துக்குப் பக்கத்தில் ஓரடி வைத்தாலும் திசை பெரிதாக மாறிவிடும். கணக்குப் போட்டால் 340 டிகிரியில் ஏறக்குறைய 174 டிகிரி அந்த 108-110 இரண்டு ஃபிரேமில் மட்டும் நடக்கிறது. `Graph Editor`-இல் எல்லாக் கர்வ்களும் ஒரே நேரத்தில் பூஜ்யத்தை நெருங்குகின்றனவா என்று பாருங்கள். நெருங்கினால் குறி மாறியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

கட்டைவிரலுக்கு இது நாலு வருடமாக வராததற்கும் காரணம் எளிது. யூனிட்டியின் `Slerp` குறியை உள்ளேயே பார்த்துத் திருப்பிக்கொள்கிறது. பிளெண்டரில்கூட ஸ்கிரிப்டில் `a.slerp(b, 0.5)` என்று எழுதினால் மூக்கு மேலே பார்க்கும் சரியான நிலைதான் கிடைக்கும். குறுகிய வழி என்பது குவாட்டர்னியனின் பிறவிக் குணம் இல்லை. யாரோ ஒருவர் `if` ஒன்று எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். கர்வ்களில் அதை எழுதவில்லை.

---

கட்டைவிரல்

சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் `Slerp`-ஐயும் குவாட்டர்னியனையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். glTF என்ற 3D கோப்பு வடிவத்தின் விதிமுறையிலும் புள்ளிப்பெருக்கலின் குறியைப் பார்த்துத்தான் slerp செய்யச் சொல்கிறது என்று இப்போது நினைவுக்கு வருகிறது. அந்த வரியை நான் வேடிக்கை பார்த்துவிட்டுத் தாண்டியிருக்கிறேன்.

ஆனால் இதே குறையால் ஆய்லரும் குவாட்டர்னியனும் சமம் என்று ஆகிவிடாது இல்லையா? இங்கே ஒரு குறியைத் திருப்பினால் தீர்ந்தது.

---

வானவிளிம்பு

தீரவில்லையே! 121ஆம் கீயின் நான்கு எண்களையும் கையால் குறி மாற்றினேன். 97-121 அருமையாக ஆனது. ஆனால் அந்த வீச்சு அப்படியே நகர்ந்து 121-145க்குப் போய்விட்டது.

---

நாலாம்அச்சு

ஆகும். 145ஆம் கீ பழைய 121க்குப் பொருத்தமாக இருந்தது, புதிய 121க்கு இல்லை. முதல் கீயிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கீயையும் ஏற்கெனவே திருத்திய முந்தைய கீயோடு ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும்.

```python
prev = None
for f, e in keys:
    q = e.to_quaternion()
    if prev is not None and prev.dot(q) < 0:
        q.negate()
    obj.rotation_quaternion = q
    obj.keyframe_insert("rotation_quaternion", frame=f)
    prev = q
```

ஓட்டி முடித்ததும் 433ஆம் ஃபிரேமைப் பாருங்கள். விமானம் தொடங்கிய நிலைக்கே திரும்பியிருக்கும், ஆனால் W 1 இல்லை, -1. ஒரு முழுச் சுற்று வந்ததன் தடம் அந்தக் குறியில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பார்த்துப் பதறி அதைத் திருத்திவிடாதீர்கள், கடைசி நொடியில் வீச்சு வந்துவிடும்.

slerp இல்லையே என்ற கவலையும் வேண்டாம். உங்கள் கீக்கள் 20 டிகிரி இடைவெளியில் இருக்கின்றன. அந்த அளவில் கர்வ் போடும் பாதைக்கும் உண்மையான slerp-க்கும் உள்ள வித்தியாசம் டிகிரியில் நூற்றில் ஒரு பங்குதான். கீக்களுக்கு நடுவே 120, 150 டிகிரி இருந்தால்தான் வேகம் நடுவில் கூடி ஓரத்தில் குறைவது தெரியும்.

---

செங்கோணம்

இத்தனை சுற்று எதற்கு? 121ஆம் கீயில் -100 என்று எழுதினால் ஆய்லரிலேயே முடிந்துவிடும். Y பூஜ்யத்திலிருந்து -360 வரை ஒரே நேர்கோடு, X-ம் Z-ம் அசையவே வேண்டாம். கையால் கூட எழுத வேண்டியதில்லை, `q.to_euler('XYZ', prev_euler)` என்று முந்தைய ஆய்லரைச் சேர்த்துக் கொடுத்தால் பிளெண்டர் இரண்டு விலாசத்தையும் பார்த்துப் பக்கத்தில் இருப்பதை எடுக்கும். கர்வைப் பார்த்தவுடன் என்ன நடக்கிறது என்று படிக்கவும் முடியும். குவாட்டர்னியனின் நான்கு கர்வ்களைப் பார்த்து யாராவது, ஆஹா, இங்கே மூக்கு 5 டிகிரி கூட என்று சொல்லிவிடுவார்களா?

---

நாலாம்அச்சு

நேர் லூப் என்றால் நீங்கள் சொல்வதுதான் சிறந்த வழி, மறுப்பில்லை. ஆனால் லூப் கொஞ்சம் சாய்ந்திருந்தால்? வானவிளிம்பு, உங்கள் பதிவில் மூக்கு சரியாக உச்சியைத் தொடுகிறதா, இல்லை பக்கத்தில் போகிறதா?

---

வானவிளிம்பு

அது சோதனைக்கு எடுத்தது, அதனால் துல்லியமாகத் தொடுகிறது. நிஜமாகச் செய்யப்போகும் பதிவில் விமானி கையால் ஓட்டியிருக்கிறார், உச்சியை ஏறக்குறைய 3 டிகிரி தள்ளிக் கடக்கிறது.

---

நாலாம்அச்சு

அப்படியென்றால் செங்கோணத்தின் வழி அங்கே நிற்காது. மூக்கு உச்சியிலிருந்து 3 டிகிரி தள்ளிக் கடக்கும்போது, கிட்டே வரும் 6 டிகிரி நகர்வில் திசை 90 டிகிரி மாறுகிறது. நம் தலைக்கு நேர் மேலே சற்றுத் தள்ளிப் பறக்கும் பறவையைத் தொடர்ந்து பார்த்தால் உடம்பைச் சட்டென்று திருப்ப வேண்டியிருக்குமே, அதேதான். நொடிக்கு 20 டிகிரி என்றால் அந்த 6 டிகிரி 0.3 நொடி, அதாவது ஏழு ஃபிரேம். அந்த ஏழு ஃபிரேமுக்குள் Z 90 டிகிரி ஒரு பக்கம் பாய வேண்டும், X ஏறக்குறைய அதே அளவு எதிர்ப்பக்கம் பாய்ந்து அதை ஈடுகட்ட வேண்டும். இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு பாய்ந்தால்தான் கூட்டல் மாறாமல் விமானம் அமைதியாகப் போகும். நொடிக்கு ஒரு கீ வைத்தால் இந்தப் பாய்ச்சலைப் பிடிக்கவே முடியாது. எந்த விலாசத்தை எடுத்தாலும் இதிலிருந்து தப்பிக்க வழியில்லை, இதைத்தான் நான் பூட்டு என்கிறேன்.

குவாட்டர்னியனில் அந்த இடம் மற்ற எந்த இடத்தையும் போலத்தான், தனி விசேஷம் ஒன்றும் இல்லை. உச்சி என்ற ஒன்றே அதற்குத் தெரியாது.

---

செங்கோணம்

அது பூட்டு என்றால் சரி, ஒரு பெயர்தானே. ஆனால் சுழற்சி வரிசையை மாற்றினால்? XYZ-இல் நடுவில் இருப்பது Y. நடு அச்சு 90ஐத் தொடும்போதுதான் சிக்கல். Y-ஐ நடுவிலிருந்து எடுத்துவிட்டால் லூப்புக்கு ஒன்றும் ஆகாது.

---

நாலாம்அச்சு

ஆகாது, ஆனால் பூட்டு காணாமல் போகாது, வீடு மாறும், அவ்வளவே. X-ஐ நடுவில் வைத்தால் விமானம் 90 டிகிரி உருளும்போது வரும். Z-ஐ நடுவில் வைத்தால் வேறொரு நிலையில் வரும். இந்த விமானம் லூப்பும் அடிக்கும், உருளவும் செய்யும் என்றால் எந்த வரிசையிலும் ஓரிடத்தில் மாட்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் திரும்பாத பொருள் என்றால், அந்தப் பக்கத்தின் அச்சை நடுவில் வைத்துவிட்டு நிம்மதியாக ஆய்லரிலேயே இருக்கலாம்.

---

நிழற்கூத்து

நான் கேமரா ஆள், விமானம் தெரியாது. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது கேமராவையும் குவாட்டர்னியனுக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஒருமுறை செய்தேன். கேமரா சமமாக நேரே பார்க்கிறது, முதல் கீ. அடுத்த கீயில் 90 டிகிரி திரும்பி, 60 டிகிரி அண்ணாந்து ஒரு கோபுரத்தின் உச்சியைப் பார்க்கிறது. இரண்டு கீயிலும் தொடுவானம் மட்டமாகவே இருக்கிறது. நடுவில் படம் சாய்ந்தது. குடித்துவிட்டு எடுத்த மாதிரி. குறுகிய வழி என்றால் நல்ல வழி என்று அர்த்தம் இல்லை.

---

நாலாம்அச்சு

மிகச் சரி. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன், சரியாக நடுப்பாதையில் 14 டிகிரிக்கு மேல் சாய்கிறது. slerp-க்குத் தெரிந்தது ஒரே அச்சு, அதைச் சுற்றி மிகக் குறைந்த கோணம். உங்கள் இரண்டு நிலைகளையும் இணைக்கும் அச்சு எங்கோ கோணலாக நிற்கிறது, தொடுவானத்தை அது மதிக்காது. திரும்புவது மட்டும், அல்லது அண்ணாப்பது மட்டும் என்றால் அச்சு நேராக இருக்கும், சாய்வு வராது. இரண்டும் சேர்ந்தால் வரும்.

நல்ல வேளையாகப் பிளெண்டர் கேமரா -Z பக்கம் பார்க்கிறது. அதனால் XYZ வரிசையில் X அண்ணாப்பு, Z திருப்பம், நடுவில் மாட்டியிருக்கும் Y பக்கச் சாய்வு. கேமராவை 90 டிகிரி பக்கவாட்டில் சாய்ப்பது எப்போதாவதுதானே. கேமராவுக்கு ஆய்லரை விட்டு அசைய வேண்டாம்.

---

வானவிளிம்பு

நிஜப் பதிவை ஓட்டிவிட்டேன். சங்கிலித் திருத்தத்தோடு குவாட்டர்னியன் போட்டதில் உச்சியை மெத்தென்று கடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அதே பதிவை `to_euler`-இல் முந்தைய ஆய்லர் கொடுத்து ஆய்லராகவும் வைத்தேன். நொடிக்கு ஒரு கீயில் உச்சியருகே மூக்கு ஒரு கோணல் வளைவு போடுகிறது. பதிவை நொடிக்கு 24 வரியாக எடுத்தால் ஆய்லரும் சரியாகவே வருகிறது, ஆனால் அவ்வளவு கீயை வைத்துக்கொண்டு கையால் எதையும் திருத்த முடியாது. புரொப்பெல்லர் தனிப் பொருள், ஆய்லர், X மட்டும். 433இல் W -1தான் இருக்கிறது, தொடவில்லை.

---

செங்கோணம்

நொடிக்கு 24 கீ போட்டால் ஆய்லரும் சரி என்கிறீர்களே, அப்புறம் பூட்டு எங்கே போனது? கீ குறைவு என்பதுதான் நோய் என்று நான் இன்னும் சொல்வேன்.

---

நாலாம்அச்சு

3 டிகிரியில் 24 போதும். அரை டிகிரியில் கடந்தால் அந்த 90 டிகிரிப் பாய்ச்சல் ஒரே ஒரு ஃபிரேமில் முடிந்துவிடும். எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு கீ கேட்கும், முடிவே இல்லாமல். இதை நோய் என்பதா, மருந்துப் பற்றாக்குறை என்பதா என்று நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

---

பம்பரம்

புரொப்பெல்லர் விஷயம் புரிந்தது, நன்றி அக்கா. நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இன்னொன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். ஒரு பலகையை 180 டிகிரி புரட்டுகிறேன், இரண்டே கீ, குவாட்டர்னியன். ஒரு கோப்பில் முன்பக்கமாகப் புரள்கிறது, அதைப் பிரதி எடுத்த கோப்பில் சிறிது கோணம் மாற்றினால் பின்பக்கமாகப் புரள்கிறது. இதில் எது குறுகிய வழி?

---

நாலாம்அச்சு

இரண்டும் 180தான், குறுகியது என்று ஒன்று இல்லை. புள்ளிப்பெருக்கல் பூஜ்யம். அப்போது குறியைத் தீர்மானிப்பது கடைசித் தசம இலக்கத்தில் இருக்கும் துகள். குறியைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்டை நம்பாதீர்கள், 90இல் நடுக் கீ ஒன்றை நீங்களே வையுங்கள்.

---

பம்பரம்

90இல் வைத்தால் வேகம் நடுவில் தட்டுகிறதே. லீனியர் போட்டாலும் முன்பு இருந்த மெதுவான தொடக்கம் போய்விடுகிறது. நடுக் கீ வைக்காமல் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லும் வழி ஏதாவது இருக்கிறதா?

---

கட்டைவிரல்

முதல் கீயை 1 டிகிரி முன்பக்கம் சாய்த்து வையுங்கள். மீதி 179தான் இருக்கும், யாருக்கும் தெரியாது. அசிங்கமான வைத்தியம்தான், நான் அப்படித்தான் செய்கிறேன்.